கம்பு மாவின் பன்னிரண்டு நாள்

முதல் ஈட்டிலேயே எண்ணெய் சொல்லிவிட்டது. அவருக்குத்தான் கேட்கவில்லை.

2023 நவம்பர் 2-ம் தேதி காலை. சாத்தூருக்கும் விளாத்திகுளத்துக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு அடுப்பு, ஒரு பெரிய இரும்புச் சட்டி. புதுக் கடலை எண்ணெயை ஊற்றிக் காயவைத்து, கம்பு காராச்சேவைத் தேய்த்துவிட்டார் அந்தப் பெண். வழக்கத்தைவிட அதிகமாக நுரை பொங்கியது. மூன்றாவது ஈட்டுக்குள் எண்ணெய் லேசாகப் புகையவும் தொடங்கிற்று. அடுப்பைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்று நாளில் 50 கிலோ மிக்சர் போட்டாக வேண்டும். நுரையைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

அவருக்கு அப்போது வயது 26. அப்பாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். புரட்டாசியில் முதல் மழைக்கு விதைத்து, தை மாசியில் அறுக்கும் கம்பும் சோளமும்தான் வெள்ளாமை. மூட்டையை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அதில் ஒரு பங்கை நொறுக்குத்தீனியாக்கி விற்றால் என்ன என்று இறங்கியவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம் கூச்சம் இல்லை. கதையில் வரும் வாடிக்கையாளர் இன்னமும் வாங்குகிறார்.

சாத்தூர்ப் பக்கம் பிறந்த யாருக்கும் சேவு புதிதல்ல. கடலை மாவும் பூண்டும் மிளகாயும் சேர்ந்த சாத்தூர் காராச்சேவை ரயில் நிறுத்தத்தில் வாங்கித் தின்னாத தென் மாவட்டக்காரர் குறைவு. அந்தச் சேவில் கடலை மாவைக் குறைத்துக் கம்பு மாவைச் சேர்த்ததுதான் இவர் செய்த மாற்றம். முழுக்கக் கம்பு மாவில் சேவு நிற்காது. பிசையும்போது இழுவை இருக்காது, எண்ணெயில் விழுந்ததும் உதிர்ந்துபோகும். பலமுறை போட்டுப் பார்த்துவிட்டு, கம்பு இரண்டு பங்கு, கடலை மாவு ஒரு பங்கு, பச்சரிசி மாவு ஒரு பங்கு என்ற கணக்குக்கு வந்தார். (கடையில் 'சிறுதானிய மிக்சர்' வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் பொருள் பட்டியலைப் படிப்பது நல்லது. எடையில் அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். பல பொட்டலங்களில் கம்பும் ராகியும் நாலாவது, ஐந்தாவது இடத்தில் இருக்கும்.)

சேவோடு சோளப் பொரி, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, பொரித்த கறிவேப்பிலை. வாரம் ஐந்து கிலோ போடுவார். சந்தை நாளிலும், இரண்டு மூன்று கடைகளிலுமாக விற்றுவிடும். ஐ.நா. அறிவித்த சர்வதேச சிறுதானிய ஆண்டு அது. கம்பு, தினை என்று சொன்னாலே ஜனங்கள் நின்று கேட்ட நேரம். அப்படித்தான் மதுரையில் ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுக்க, கால் கிலோ பாக்கெட் 200. ஒன்று 90 ரூபாய். மொத்தம் 18,000. முன்பணம் 6,000 கையில் வந்துவிட்டது. தீபாவளிக்கு என்பதால் கொஞ்சம் உலர் திராட்சையும் போடச் சொன்னார்கள்.

இங்கே அவர் ஒரு முடிவெடுத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். ஐப்பசி என்றால் அடைமழை, மின்வெட்டு. தீபாவளி நெருங்க நெருங்க மாவு மில்லில் கூட்டம் தாங்காது. அதனால் அக்டோபர் 21-ம் தேதியே 12 கிலோ கம்பை மொத்தமாக அரைத்து வைத்துக்கொண்டார். மில்லிலிருந்து சூடாக வந்த மாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கக் கட்டி மூலையில் வைத்தார். அதுவரை கம்பை அன்றன்று காலையில்தான் அரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ தானே, தூக்குவாளியில் கொண்டுபோய் அரைத்துவந்து மத்தியானத்துக்குள் சேவாக்கிவிடுவார். அந்த வழக்கம்தான் ஓராண்டாகத் தன்னைக் காப்பாற்றி வந்தது என்பது அவருக்குத் தெரியாது.

நவம்பர் 6-ம் தேதி பாக்கெட்டுகள் மதுரைக்குப் போயின. 9-ம் தேதி ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அலுவலகத்து மேலாளர் கூப்பிட்டார்.

"ஏம்மா, சேவு தொண்டையில கசக்குதுன்னு சொல்றாங்களே. எண்ணெய் பழசா?"

"இல்ல சார், புது எண்ணெய். டின்னு உடைச்சதே அன்னைக்குத்தான்."

"நானும் தின்னு பாத்தேன்மா. கசப்பு இருக்கு. நமுத்தும் போயிருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் 60 பேர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் தின்றார்களா, குப்பையில் போட்டார்களா தெரியாது. பாக்கெட்டில் எந்த நாள் போட்டது, எந்த மாவு என்ற குறி எதுவும் இல்லாததால், இந்த இந்தப் பாக்கெட் மட்டும் கெட்டது என்று சொல்லவும் வழியில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதித் தொகையையும் வேண்டாம் என்றார். பொருள், விறகு, பஸ் செலவு என்று கையிலிருந்து போனது ஏறக்குறைய 10,000 ரூபாய். மூன்று மாத லாபம் அது.

தீபாவளி முடிந்த மறுநாள் அவர் செய்த காரியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. அழுது முடித்துவிட்டு, திரும்பி வந்த பாக்கெட்டுகளில் பத்தை எடுத்து முறத்தில் கொட்டினார். சேவு தனி, கடலை தனி, பொட்டுக்கடலை தனி, பொரி தனி, கறிவேப்பிலை தனி, திராட்சை தனி என்று ஆறு குவியலாகப் பிரித்தார். ஒவ்வொன்றாக, நடுவே வாய் கொப்பளித்துக்கொண்டு தின்று பார்த்தார். முதல் சந்தேகம் நிலக்கடலை மேல்தான். காறிப்போகும் பொருள் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது அது. கடலை நன்றாக இருந்தது. பொட்டுக்கடலை நன்றாக இருந்தது. பொரி நமுத்திருந்தது, ஆனால் கசக்கவில்லை. சேவை மென்றார். முதலில் பூண்டும் மிளகாயும்தான் தெரிந்தன. விழுங்கிய பிறகு, நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து தங்கிற்று.

எண்ணெய் கெட்டிருந்தால் அதே எண்ணெயில் பொரித்த கறிவேப்பிலையும் காறியிருக்க வேண்டும். இல்லை. ஆக, குற்றவாளி சேவுக்கு உள்ளேதான் இருந்தது. மூலையில் அரைக் கிலோ கம்பு மாவு மிச்சமிருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அதே கசப்பு. ஆனால் அதே மூட்டையிலிருந்த முழுக் கம்பை மென்றால் இனித்தது. தையில் அறுத்த கம்பு பத்து மாதம் கெடாமல் இருந்திருக்கிறது. மாவானதும் இரண்டு வாரத்துக்குள் கசந்திருக்கிறது.

அவருடைய ஆச்சிதான் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார். "ஏட்டி, கம்ப அரைச்சு மூட்டை கட்டி வச்சியாக்கும்? எந்தக் காலத்துலடி கம்பு மாவ வச்சுப் பொழங்கியிருக்கோம்?"

ஆச்சி சொன்னது வெறும் பழக்கம் இல்லை. கரிசல் வீடுகளில் கம்பு குலுக்கையில் ஆண்டுக்கணக்கில் இருக்கும், ஆனால் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் உரலில் தண்ணீர் தெளித்து இடிப்பார்கள். அரிசி மாவை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும் வீட்டில்கூடக் கம்பு மாவு வைத்துக்கொள்வதில்லை. காரணம் கம்பிலேயே இருக்கிறது.

தானியங்களில் கம்புக்குக் கொழுப்பு அதிகம். 100 கிராம் கம்பில் ஐந்து கிராமுக்கு மேல் எண்ணெய் உண்டு. கேழ்வரகில் அது இரண்டு கிராமுக்கும் குறைவு. இந்த எண்ணெயில் பெரும்பங்கு கம்பின் முளையில் இருக்கிறது, சிறிய மணிக்குள் முளை பெரிது. அந்த எண்ணெயை உடைக்கக்கூடிய லைபேஸ் என்ற நொதியும் அதே மணியில் இருக்கிறது. மணி முழுதாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் தத்தம் அறைகளில் கிடக்கும். மில்லில் அரைபட்ட நொடியில் சுவர்கள் உடைந்து, நொதி எண்ணெயின் மேல் ஏறிவிடும். எண்ணெயைத் தனித்தனிக் கொழுப்பு அமிலங்களாக வெட்டத் தொடங்கும். கசப்பு வருவது அங்கிருந்துதான். ஒரு வாரம், பத்து நாளில் நாக்குக்கே தெரிந்துவிடும். மாவு சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பையை இறுக்கக் கட்டியது ஏன் உதவவில்லை என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. நிலக்கடலை காறுவதும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் பெரும்பாலும் காற்றாலும் வெளிச்சத்தாலும் வருகிற கேடு. காற்றை அடைத்தால் அது தள்ளிப்போகும். லைபேஸ் செய்யும் வேலைக்குக் காற்று வேண்டியதில்லை. சூடான மாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டியதால் ஈரமும் வெப்பமும் உள்ளேயே நின்று, நொதிக்கு வசதியாகப் போய்விட்டது.

பொரித்தால் நொதி செத்துவிடாதா என்று கேட்கலாம். செத்துவிடும். ஆனால் அதற்கு முன்பே அது உண்டாக்கிவிட்ட அமிலங்கள் எங்கும் போவதில்லை. ஒரு பகுதி சேவிலேயே தங்கும், ஒரு பகுதி சட்டியிலுள்ள எண்ணெயில் கலக்கும். அந்த அமிலங்கள் கூடக் கூட எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும், நுரையும் கூடும். முதல் நாள் காலை சட்டியில் அவர் பார்த்த நுரையும் புகையும் அதுதான். அன்றைக்கு ருசி பார்க்காமல் விட்டாரா என்றால், இல்லை. பார்த்தார். சூடாக, பூண்டு மணக்க, சட்டியிலிருந்து எடுத்ததும் பார்த்தார். அந்த நேரத்தில் கசப்பு பூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நமுத்துப் போனது தனிக் கதை. அதைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது, ஏனென்றால் ஆறு குவியலில் புதிதாக வந்தது ஒன்றுதான்: உலர் திராட்சை. பெயரில்தான் அது உலர்ந்தது. 100 கிராமில் 15 கிராம் அளவுக்குத் தண்ணீர் வைத்திருக்கும். நன்றாகப் பொரித்த சேவில் இருப்பது இரண்டு, மூன்று கிராம். இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு ஒட்டினால், ஈரம் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு நகரும். திராட்சை கல்லாகும், சேவும் பொரியும் தளரும். பை எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது, ஈரம் வெளியிலிருந்து வரவில்லையே. கடை மிக்சரில் திராட்சை போடுகிறார்களே என்றால், அவர்கள் பெரும்பாலும் அதை எண்ணெயில் போட்டு உப்பவைத்து எடுத்துத்தான் சேர்க்கிறார்கள். இவர் பச்சையாகப் போட்டுவிட்டார். அவசரத்தில் கடைசி நாள் போட்ட சேவை முழுதாக ஆறவிடாமல் பையில் அடைத்ததும் சேர்ந்துகொண்டது. சூடான சேவு விடும் ஆவி பையின் உள்பக்கம் துளியாகப் படிந்து, திரும்பச் சேவின் மேலேயே இறங்கும்.

காரணம் தெரிந்தால் போதாது, மாற்று வழி வேண்டும். அன்றன்று அரைப்பது ஐந்து கிலோவுக்குச் சரி, ஐம்பது கிலோவுக்கு ஆகாது. உணவுப் பதப்படுத்தல் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருவர் அவருக்கு ஒரு வழி சொன்னார். கம்பு மாவு பற்றிய ஆய்வுகளில் வெகுகாலமாகப் பேசப்படும் வழிதான் அது: அரைப்பதற்கு முன்பே, முழு மணியாக இருக்கும்போதே, நொதியைச் சூட்டால் முடக்கிவிடுவது.

செய்முறை இதுதான். ஒரு கிலோ கம்புக்கு ஐந்து லிட்டர் கணக்கில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கல், தூசி நீக்கிய கம்பைத் துணியில் முடிந்து அதற்குள் இறக்கி, அரை நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் கம்பு விழுந்ததும் கொதி அடங்கிவிடும், உள்ளே சூடு ஏறாது. அதனால்தான் ஐந்து மடங்கு. அதிக நேரம் வைத்தால் கம்பு வெந்து பிசுபிசுக்கும். வடித்து, மெல்லிய பரப்பாக விரித்து, பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை காயவைத்து, பிறகுதான் மில்லுக்கு. வறுத்து அரைப்பதும் இதே வேலையைச் செய்யும், சத்துமாவுக்கு வறுப்பது போல. ஆனால் பெரிய சட்டியில் வறுக்கும்போது சில மணி கருகும், சில மணி சூடே படாமல் தப்பிக்கும். தப்பித்த மணி மாவில் போய் வேலையைக் காட்டும்.

அவர் இதை அப்படியே நம்பிவிடவில்லை. மூன்று எவர்சில்வர் டப்பா எடுத்தார். ஒன்றில் பச்சைக் கம்பை அரைத்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்த மாவின் சேவு. இரண்டாவதில், கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்து அரைத்து, அதே பன்னிரண்டு நாள் வைத்திருந்த மாவின் சேவு. மூன்றாவதில் அன்று காலை அரைத்த பச்சை மாவின் சேவு. மூன்றிலும் பூண்டு இல்லை, மிளகாய் இல்லை, உப்பு மட்டும். அப்பா, அம்மா, ஆச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். எந்த டப்பா எது என்று சொல்லாமல் முதல் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், இருபத்தொன்றாம் நாள் கொடுத்தார். முதல் டப்பாவை முதல் நாளே ஐந்து பேரும் ஒதுக்கிவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் இருபத்தொன்றாம் நாள்வரை பெரிய வித்தியாசம் சொல்ல யாராலும் முடியவில்லை. ஆச்சி மட்டும் மூன்றாவதுதான் மணமாக இருக்கிறது என்று கடைசிவரை சாதித்தார். என் வாக்கும் ஆச்சிக்குத்தான். கொதிநீரில் போட்ட கம்பு மாவுக்கு நிறம் கொஞ்சம் மங்கும், புது மாவின் வாசம் கொஞ்சம் குறையும்.

இந்த வழிக்கு இன்னோர் எல்லையும் உண்டு. காயவைப்பதில் தவறினால் கசப்புக்குப் பதில் பூஞ்சணம் வரும், அது கசப்பைவிடப் பெரிய ஆபத்து. ஐப்பசி கார்த்திகையில் கரிசலில் வெயிலை நம்ப முடியாது. அதனால் பங்குனி சித்திரை வெயிலிலேயே மூட்டை மூட்டையாகக் கொதிநீரில் போட்டு, காயவைத்து, முழு மணியாகவே வைத்துக்கொள்கிறார். மாவாக்குவது சேவு போடும் நாளுக்கு இரண்டு நாள் முன்புதான். நொதி முடங்கிவிட்டாலும் எண்ணெய் எண்ணெய்தானே, மாவாகிவிட்டால் காற்றால் காறுவது மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்பவர்களுக்கு அப்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு போதுமானது, ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். அதை அவர் முதலிலேயே வாங்கியிருந்தார். ஆனால் பாக்கெட்டில் தொகுதி எண் போடும் இடத்தை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து ஒரே எண்ணை அச்சடித்துவிட்டிருந்தார். அன்று 200 பாக்கெட்டையும் இழந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இப்போது ஒவ்வொரு நாளுக்கும் தனி எண். ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே கம்பு எந்த மூட்டை, அரைத்த தேதி, எண்ணெய் டின் திறந்த தேதி, சட்டியில் நுரை எப்படி என்று எழுதிவைக்கிறார். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாக்கெட்டை விற்காமல் அலமாரியில் 45 நாள் வைத்திருக்கிறார். பாக்கெட்டில் போட்டிருக்கும் கெடு 30 நாள். புகார் வந்தால் முதலில் பிரிப்பது அந்த அலமாரிப் பாக்கெட்டைத்தான். ருசி பார்ப்பது சட்டி ஓரத்தில் இல்லை, மறுநாள் ஆறிய பிறகு, வெறும் வயிற்றில்.

வீட்டில் கம்பு மாவு வாங்குகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ள உண்டு. பாக்கெட் போட்ட தேதி மட்டும் போதாது, அரைத்த தேதியைக் கேளுங்கள். பிரித்ததும் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். இனிப்பாகவோ சப்பென்றோ இருந்தால் சரி, கசந்தால் தோசையிலும் கசக்கும். மீதமானதை அலமாரியில் வைக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். எல்லாவற்றையும்விட, கம்பாக வாங்கி வேண்டியபோது அரைத்துக்கொள்வது லாபம்.

2024 தீபாவளிக்கு அதே மேலாளர் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறையும் 200 பாக்கெட்தான் கேட்டார். அவர் நோட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டார். இரண்டு நாளுக்குள் அரைத்த மாவு, இரண்டு அடுப்பு, முழு இரவு ஆறவிடுவது என்றால் 80 பாக்கெட்டுக்கு மேல் ஆகாது. 80-க்குத்தான் முன்பணம் வாங்கினார். மீதி 120-க்கு மதுரையிலேயே வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். திராட்சையை ஒவ்வொரு பாக்கெட்டோடும் தனியாக ஒரு சின்னப் பையில் வைத்து அனுப்பினார்.